எட்ஜ் போர்ட் தானாகவே திருந்திக்கொள்ளும் என்றால் பிபிடியு கார்ட் எதற்கு?

எல்லைக்கல் · 2 ஜூன், காலை 10.12

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லா ஸ்விட்சும் ராபிட் ஸ்பானிங் ட்ரீ. பிசி மாட்டும் போர்ட் அத்தனையும் எட்ஜ். போன வாரம் தணிக்கைக்கு வந்தவர், எட்ஜ் போர்ட் எல்லாவற்றிலும் பிபிடியு கார்ட் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு இது பிடிபடவில்லை. எட்ஜ் போர்ட்டில் ஒரே ஒரு பிபிடியு வந்தாலும் அது எட்ஜ் தகுதியை இழந்து சாதாரண போர்ட் ஆகிவிடும். ஸ்டாண்டர்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு லூப் இருந்தால் ட்ரீ பார்த்துக்கொள்ளும். அப்படியிருக்க, போர்ட்டையே சாகடிக்கிற கார்ட் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி வந்து `no shutdown` அடிப்பதற்கா?

வாளையார் செக்போஸ்ட் · 2 ஜூன், காலை 10.40

நானும் உங்கள் கட்சிதான். கார்ட் என்பது பழைய 802.1டி காலத்துப் பழக்கம். ஹலோ 2 நொடிக்கு ஒரு தடவை போகிறது. லூப் விழுந்தாலும் 2 நொடியில் தெரிந்துவிடும், ஒரு போர்ட் அடைபடும், கதை முடிந்தது. தணிக்கைக்காரர்கள் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள்.

கஞ்சிக்கோடு கேபிள் · 2 ஜூன், மதியம் 1.05

எல்லைக்கல் சொன்னது ஸ்டாண்டர்டின்படி சரி. பிபிடியு வந்ததும் எட்ஜ் தகுதி போகும். ஆனால் போன பிறகு அந்த போர்ட் என்னவாகிறது? ட்ரீயில் முழு உரிமை உள்ள போர்ட் ஆகிறது. அந்தப் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்ச் சொல்வதை நம் ஸ்விட்ச் அதற்கப்புறம் காது கொடுத்துக் கேட்கும். ரூட் யார் என்ற போட்டியில் அதுவும் நிற்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். திண்ணையில் உட்காரச் சொன்னவரிடம் சாவிக்கொத்தைக் கொடுப்பது மாதிரி.

லூப் ஒன்றுதான் ஆபத்து என்று வைத்துக்கொண்டால் கார்ட் வேண்டாத வேலையாகத்தான் தெரியும். நான் பார்த்த கோளாறில் லூப்பே இல்லை. அதைச் சொல்கிறேன்.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை. இரண்டு கோர் ஸ்விட்ச், இரண்டுக்கும் நடுவே 10 ஜிகாபிட் இணைப்பு. ஒவ்வொரு ஆக்சஸ் ஸ்விட்சும் இரண்டு கோருக்கும் ஒவ்வொரு 1 ஜிகாபிட் கேபிளில் ஏறுகிறது. நெட்வொர்க்கை முதலில் அமைத்தவர்கள் ரூட் பிரையாரிட்டியைத் தொடவே இல்லை, எல்லாம் பெட்டியிலிருந்து வந்தபடி 32768. லாரி எடை போடும் கேபினில் சுவரில் ஒரு பாயின்ட், விலேன் 10, எட்ஜ் போட்டது, கார்ட் போடாதது. கேமரா மாட்ட வந்த காண்ட்ராக்டருக்குக் கூடுதலாக இரண்டு வாய் தேவைப்பட்டது. எங்கிருந்தோ ஒரு பழைய மேனேஜ்டு ஸ்விட்சைக் கொண்டுவந்து அந்தப் பாயின்ட்டில் சொருகிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கவுன்ட்ஸில் இருந்து புகார்: சர்வரில் ஃபைல் திறக்க நேரமாகிறது. ஃபோனில் குரல் விட்டு விட்டு வருகிறது. எதுவும் முழுசாகச் சாகவில்லை, அதுதான் தொல்லை. பிங் போட்டால் பதில் வருகிறது, பத்தில் ஒன்று இரண்டு காணாமல் போகிறது. எடை போடும் கேபினில் மட்டும் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

கோரில் `show spanning-tree vlan 10` பார்த்தால் ரூட்டின் மேக் நமக்குத் தெரியாத ஒன்று. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, இரண்டு கோருக்கும் நடுவே இருக்கும் 10 ஜிகாபிட் இணைப்பு ஒரு முனையில் `Altn BLK`. ரூட் போர்ட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். கோரிலிருந்து ஸ்டோர்ஸ் கட்டிடத்து ஆக்சஸ் ஸ்விட்ச், அங்கிருந்து இது:

```
Interface   Role Sts Cost  Prio.Nbr Type
Gi1/0/13    Desg FWD 4     128.13   P2p Edge
Gi1/0/14    Root FWD 19    128.14   P2p
Gi1/0/23    Desg FWD 4     128.23   P2p
Gi1/0/24    Desg FWD 4     128.24   P2p
```

14-ஆம் வாயைப் பாருங்கள். பக்கத்து வாயில் `P2p Edge` என்று இருக்கிறது, இதில் `Edge` மறைந்துவிட்டது. எல்லைக்கல் சொன்ன "தானாகத் திருந்துவது" நடந்து முடிந்த அடையாளம் அது. கூடவே `Root` என்று நிற்கிறது. சுவரில் இருக்கும் ஒரு பாயின்ட், மொத்த விலேனுக்கும் ரூட் போகும் வழி. 23, 24 இரண்டும் கோருக்குப் போகும் கேபிள்கள். ஏற்றம் இறக்கமாகி அவை இரண்டும் `Desg` ஆகிவிட்டன.

வாளையார் செக்போஸ்ட் · 2 ஜூன், மதியம் 1.31

சரி, இது நியாயம். பழைய ஸ்விட்சின் மேக் சின்ன எண்ணாக இருந்திருக்கும், பிரையாரிட்டி சமம் என்றால் சின்ன மேக்தான் ஜெயிக்கும். காஸ்ட் 19 என்றால் 100 மெகாபிட். மொத்தத் தொழிற்சாலையின் டிராஃபிக்கும் அந்த 100 மெகாபிட் வாய் வழியாகப் போனதால்தான் மெதுவாகியிருக்கிறது.

கஞ்சிக்கோடு கேபிள் · 2 ஜூன், மாலை 6.20

இரண்டு விஷயம்.

முதலாவது, டிராஃபிக் அந்த 100 மெகாபிட் வாய் வழியாகப் போகவில்லை. கேபினில் வைத்த ஸ்விட்ச் ஒரு முட்டுச்சந்து, அதன் வழியாக எங்கும் போக முடியாது. அது ரூட்டாக உட்கார்ந்தது, அவ்வளவுதான். வினை நடந்தது நம் ஸ்டோர்ஸ் ஸ்விட்சில். ரூட்டுக்குப் போக வேண்டும் என்றால் இரண்டு கோருக்குமே ஸ்டோர்ஸ் ஸ்விட்சுக்கு நேராக இறங்கும் 1 ஜிகாபிட் கேபிள்தான் மலிவான வழி: ஸ்டோர்ஸ் ஸ்விட்சின் 19, அதன் மேல் ஒரு 4. பக்கத்துக் கோர் வழியாகச் சுற்றினால் இன்னும் 2 சேரும். அதனால் இரண்டு கோரும் நேர் வழியைப் பிடித்துக்கொண்டன. நடுவே இருந்த 10 ஜிகாபிட் இணைப்பு உபரியாகி அடைபட்டது. ஒரு கோரில் இருக்கும் சர்வரும் இன்னொரு கோரில் இருக்கும் அக்கவுன்ட்ஸும் பேசிக்கொள்ள, எங்கோ மூலையில் ஸ்டோர்ஸ் கட்டிடத்தில் இருக்கும் ஒரு சாதாரண ஆக்சஸ் ஸ்விட்சுக்குள் 1 ஜிகாபிட்டில் இறங்கி ஏற வேண்டியதாயிற்று. கேபினுக்குக் குறை தெரியாததும் அதனால் இருக்கலாம். அவர்கள் அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கேபின் வாயின் கிராஃபைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, சும்மா கிடக்கும். நெரிசல் ஸ்டோர்ஸ் ஸ்விட்சின் 23, 24-இல். கோளாறின் காரணம் ஒரு இடம், வலி இன்னொரு இடம்.

இரண்டாவது, மேக். பெரும்பாலானோர் இதையே சொல்வார்கள், பல நேரம் சரியும்கூட. ஆனால் இங்கே மேக் வரை போகவே தேவைப்படவில்லை. சிஸ்கோவின் ராபிட் பிவிஎஸ்டியில் பிரையாரிட்டியோடு விலேன் எண்ணும் கூட்டிப் போகிறது. நம் விலேன் 10-இல் அது 32778. வந்த ஸ்விட்ச் பெட்டியிலிருந்து எடுத்தபடி விலேன் 1-இல் இருந்தது, அதனுடைய எண் 32769. ஆக்சஸ் வாயில் போவது விலேன் அடையாளம் இல்லாத சாதாரண பிபிடியு. நம் ஸ்விட்ச் அதை விலேன் 10-க்கு வந்ததாக எடுத்துக்கொண்டு, 32769-ஐ 32778-உடன் ஒப்பிடுகிறது. சின்ன எண் ஜெயித்தது. அந்த ஸ்விட்ச் நேற்றுத் தயாரானதாக இருந்தாலும் ஜெயித்திருக்கும். வேறு கம்பெனி ஸ்விட்ச், ஒரே ட்ரீ ஓட்டுவது என்றால் வெறும் 32768 சொல்லும். அதுவும் ஜெயிக்கும்.

ஆக, ரூட் பிரையாரிட்டியைத் தொடாத நெட்வொர்க்கில், விலேன் 1 தவிர வேறு எந்த விலேனாக இருந்தாலும், யார் எந்த மேனேஜ்டு ஸ்விட்சைப் பெட்டியிலிருந்து எடுத்தபடி கொண்டுவந்து சொருகினாலும் பெரும்பாலும் ரூட் அவருக்குத்தான்.

எல்லைக்கல் · 2 ஜூன், இரவு 9.02

32769 விஷயம் எனக்குப் புதிது. எங்கள் கோரைப் பார்த்தேன், 32768-தான், விலேன் 20, 30, 40. நாளைக்கே கோரில் 4096 போட்டுவிடுகிறேன். அதைப் போட்டுவிட்டால் வருகிறவன் ஜெயிக்க முடியாதே, அதோடு முடிந்ததுதானே?

நகரி தறி · 2 ஜூன், இரவு 9.45

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நகரியில் விசைத்தறிக் கூடம், ஆபீஸுக்கு ஒரு 24 போர்ட் ஸ்விட்ச். வேலைக்கு வருகிறவர்கள் சொந்த லேப்டாப்பைச் சொருகிப் படம் பார்க்கிறார்கள், ஒருவர் வீட்டு வைஃபை ரவுட்டரையே கொண்டுவந்து மாட்டிவிட்டார். பிபிடியு கார்ட் போட்டால் இது நிற்குமா? எங்கள் சித்தூர்க்காரர் ஒருவர் நிற்கும் என்கிறார்.

மறையூர் வெல்லம் · 2 ஜூன், இரவு 10.10

நிற்காது. கார்ட் பிபிடியுவை மட்டும்தான் பார்க்கும். லேப்டாப் பிபிடியு அனுப்பாது. வீட்டு ரவுட்டரும் பெரும்பாலும் அனுப்பாது. உங்களுக்கு வேண்டியது போர்ட் செக்யூரிட்டி அல்லது 802.1எக்ஸ்.

எந்தச் சித்தூர்க்காரர்? இங்கே பாதிப் பேருக்குச் சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர்.

நகரி தறி · 2 ஜூன், இரவு 10.14

ஆந்திரச் சித்தூர்ங்க. எங்களுக்கு அது ஒன்றுதான் சித்தூர்.

வாளையார் செக்போஸ்ட் · 2 ஜூன், இரவு 10.20

கோயம்புத்தூரில் சித்தூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுவிட்டு ஆந்திராவுக்குப் போக நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். அது தனிக் கதை.

கஞ்சிக்கோடு கேபிள் · 3 ஜூன், காலை 7.50

எல்லைக்கல், 4096 கட்டாயம் போடுங்கள், அது கார்டுக்கு மாற்று இல்லை, தனியாகவே செய்ய வேண்டியது. வருகிறவன் பிரையாரிட்டி 0 வைத்துக்கொண்டு வந்தால் உங்கள் 4096-ம் தோற்கும். அது அபூர்வம் என்று ஒதுக்கிவிடலாம். அடிக்கடி நடப்பது வேறு.

வந்த ஸ்விட்ச் ரூட் ஆகவில்லை, அடக்கமாக ஓர் ஓரத்தில் ட்ரீயில் சேர்ந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை போடும் கேபினுக்கு யுபிஎஸ் கிடையாது. ஜூன் மாதம், மழை, மின்சாரம் கண் சிமிட்டுகிறது. ஒவ்வொரு சிமிட்டலிலும் அந்த ஸ்விட்ச் அணைந்து எழுகிறது. எழும்போது நம் போர்ட் மறுபடி எட்ஜாகத்தான் தொடங்கும், ஏனென்றால் கட்டளை அப்படியே இருக்கிறது. உடனே ஃபார்வர்டிங். சற்று நேரத்தில் பிபிடியு வருகிறது, எட்ஜ் போகிறது. அந்தக் கணத்தில் ஸ்டாண்டர்ட் அதை டோபாலஜி மாற்றமாகக் கணக்கு வைக்கிறது. செய்தி ட்ரீ முழுக்கப் போய், ஒவ்வொரு ஸ்விட்சும் கற்று வைத்திருந்த மேக் முகவரிகளை அழிக்கிறது. எட்ஜ் போர்ட்களிலும் செய்தி வந்த போர்ட்டிலும் கற்றது மட்டும் மிஞ்சும். மறுபடி கற்கும் வரை ஒருவருக்குப் போக வேண்டியது எல்லா வாயிலும் கொட்டும். எங்கோ ஒரு கேபினில் கரன்ட் போனதற்கு அக்கவுன்ட்ஸில் ஃபோன் கரகரக்கிறது.

எட்ஜின் பெரிய லாபமே, பிசி போட்டு அணைப்பதெல்லாம் டோபாலஜி மாற்றமாகக் கணக்கில் வராது என்பதுதான். கார்ட் இல்லாமல் விட்டால் அந்த லாபத்தை யார் வேண்டுமானாலும் ஒரு ஸ்விட்சைச் சொருகி அழித்துவிடலாம். உங்களுக்கு அதைப் பற்றி ஒரு வரி அறிவிப்புகூட வராது. கார்ட் போட்டிருந்தால் முதல் பிபிடியுவிலேயே இது வரும்:

```
%SPANTREE-2-BLOCK_BPDUGUARD: Received BPDU on port Gi1/0/14 with BPDU Guard enabled. Disabling port.
%PM-4-ERR_DISABLE: bpduguard error detected on Gi1/0/14, putting Gi1/0/14 in err-disable state
```

எந்த ஸ்விட்ச், எந்த வாய், எத்தனை மணி, எல்லாம் தெரிந்துவிடும். காண்ட்ராக்டர் ஏணியில் இருந்து இறங்குவதற்குள் "என் பாயின்ட் வேலை செய்யவில்லை" என்று அவரே ஃபோன் செய்வார்.

வாளையார் செக்போஸ்ட் · 3 ஜூன், காலை 9.15

அப்படியானால் எட்ஜையே எடுத்துவிட்டால்? எல்லாம் சாதாரண போர்ட். பிரச்சினையின் வேரே போய்விடும் அல்லவா?

மறையூர் வெல்லம் · 3 ஜூன், காலை 9.40

பிசி பதில் சொல்லாது. ராபிட்டின் வேகம் எதிர்ப்பக்கம் ஒப்புதல் தருவதில் இருக்கிறது. ஒப்புதல் தர ஆளில்லாத போர்ட் பழைய கணக்குப்படி 15 நொடி, இன்னொரு 15 நொடி காத்துத்தான் திறக்கும். அதற்குள் டிஎச்சிபி கேட்டுப் பார்த்துவிட்டு பிசி 169.254 முகவரியை எடுத்துக்கொள்ளும்.

கஞ்சிக்கோடு கேபிள் · 3 ஜூன், காலை 10.02

மறையூர் சொன்னதோடு இன்னொன்று. காலையில் பிசி போடும்போது 30 நொடி என்றால் ஒரு தடவை சகித்துக்கொள்ளலாம். மேலே போகும் கேபிள் ஒன்று அறுந்து இன்னொன்றுக்கு மாறும்போது, மேலிருந்து புதிதாக முன்மொழிவு வந்தால், ஸ்விட்ச் ஒப்புதல் தருவதற்கு முன்னால் எட்ஜ் அல்லாத தன் டெசிக்னேட்டட் போர்ட்களை எல்லாம் ஒரு தடவை அடைக்கும். எட்ஜ் போர்ட்டைத் தொடாது. பிசி போர்ட்டை எட்ஜ் இல்லாமல் விட்டால் அதுவும் அடைபடும், அங்கிருந்து ஒப்புதல் வராது, மறுபடி 30 நொடி. கேபிள் மாற்றம் ஒரு நொடிக்குள் முடிந்திருக்கும், ஆனால் மொத்த மாடியும் அரை நிமிடம் செத்திருக்கும். அதனால் எட்ஜ் வேண்டும். எட்ஜ் வேண்டும் என்பதால்தான் கார்ட் வேண்டும்.

நகரி தறி · 3 ஜூன், மதியம் 12.30

நேற்று நான் கேட்டது வேறு கேள்வி என்று புரிகிறது. ஆனால் எங்களுக்கும் ஒரு லூப் கதை உண்டு. மேஜையைத் துடைத்தவர், ஐபி ஃபோனின் பின்னால் தொங்கிய கம்பியை அழகாக எடுத்துச் சுவரில் காலியாக இருந்த பாயின்ட்டில் சொருகிவிட்டார். ஃபோனின் இரண்டு வாயும் சுவரில். மொத்த ஆபீஸும் படுத்துவிட்டது. எங்கள் ஊர்ப் பையன் வந்து என்னவோ `bpdufilter` என்று போட்டான். அப்புறம் லாகில் ஒரு எரிச்சல் வரியும் வரவில்லை. அமைதியாக இருக்கிறது. அது போதாதா?

கஞ்சிக்கோடு கேபிள் · 3 ஜூன், மதியம் 2.45

அண்ணா, இன்றைக்கே அதை எடுங்கள். போர்ட்டில் நேராகப் போட்ட ஃபில்டர், அந்த வாயில் பிபிடியு அனுப்புவதையும் நிறுத்தும், வருவதையும் கீழே போடும். லாக் அமைதியாக இருப்பதற்குக் காரணம் ஸ்விட்சுக்கு இப்போது எதுவும் தெரியாது. அதே ஃபோனை மறுபடி யாராவது அதே மாதிரி சொருகினால், இந்த முறை அடைப்பதற்கு ஸ்பானிங் ட்ரீ என்ற ஒன்றே அந்த வாயில் இல்லை. கம்பியைப் பிடுங்கும் வரை சுற்றும். கார்டையும் சேர்த்துப் போட்டாலும் பயனில்லை, ஃபில்டர் பிபிடியுவை முதலிலேயே தூக்கிப் போட்டுவிடுவதால் கார்டுக்கு எட்டாது.

உங்கள் ஃபோன் கதை வாளையாரின் "2 நொடி"க்கும் பதில். ஃபோனுக்குள் இருப்பது சின்ன ஸ்விட்ச், பிபிடியு அதன் வழியே கடந்துபோகும். கார்ட் இல்லாத இரண்டு எட்ஜ் போர்ட்டும் கணத்தில் ஃபார்வர்டிங். ஒரு வாயில் கிளம்பிய பிபிடியு இன்னொரு வாயில் வந்து சேர்ந்ததும் எட்ஜ் போகும், ஒன்று பேக்கப் ஆகி அடைபடும். பெரும்பாலும் சீக்கிரமே நடந்துவிடும், அது உண்மை. ஆனால் ஜிகாபிட்டில் சின்ன ஃபிரேம் நொடிக்கு 14 லட்சத்துக்கு மேல் போகும். ஒரே ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட் அந்த இடைவெளியில் சிக்கினாலும் மற்ற எல்லா வாயிலும் அது கொட்டும். சுமார் ரக ஸ்விட்சில் சிபியு அதிலேயே மூழ்கிவிட்டால் வந்த பிபிடியுவைப் படிக்க ஆள் இல்லை. அப்போது 2 நொடிக் கணக்கெல்லாம் செல்லாது. நகரி ஆபீஸ் மொத்தமும் படுத்தது இப்படித்தான் இருக்கும்.

வாளையார் செக்போஸ்ட் · 3 ஜூன், மாலை 5.10

கார்ட் போட்டாலும் அதே சிபியுதானே பிபிடியுவைப் படிக்க வேண்டும்? மூழ்கிய சிபியுவுக்குக் கார்ட் மட்டும் எப்படிக் கண் தெரியும்?

மறையூர் வெல்லம் · 3 ஜூன், மாலை 5.32

நல்ல கேள்வி. தெரியாதுதான். முதல் பிபிடியு வெள்ளத்துக்கு முன்னால் வந்துவிட்டால் கார்ட் ஜெயிக்கும், லிங்க் எழுந்ததும் அனுப்பும் பிபிடியு பெரும்பாலும் முன்னாலேயே வரும். வராவிட்டால் ஸ்டார்ம் கன்ட்ரோல்தான் காப்பாற்ற வேண்டும். அது ஹார்ட்வேரில் எண்ணுகிறது.

இன்னொரு வகை: சாதாரண 8 போர்ட் டப்பா ஸ்விட்ச், அதிலேயே ஒரு கம்பியின் இரண்டு முனையும். நாம் அனுப்பிய பிபிடியு அதே வாயில் திரும்பி வரும். கார்ட் அதையும் பிபிடியு என்றே எண்ணி அடைக்கும். கார்ட் இல்லையென்றால் எட்ஜ் மட்டும் போகும். சொந்த பிபிடியு திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி. டப்பா ஸ்விட்ச் பிபிடியுவையே விழுங்கும் ரகம் என்றால் கார்டும் குருடு. அங்கும் ஸ்டார்ம் கன்ட்ரோல்தான்.

எல்லைக்கல் · 3 ஜூன், இரவு 8.40

சரி, போடத்தான் வேண்டும் என்று வந்துவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் லேபில் ஒரேயடியாகப் போட்டால் எத்தனை வாய் விழும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? தேர்வு நடக்கிற மாதம்.

கஞ்சிக்கோடு கேபிள் · 3 ஜூன், இரவு 10.15

உண்டு. ஒவ்வொரு எட்ஜ் வாயிலும் `show spanning-tree interface Gi1/0/14 detail` போட்டுக் கடைசியில் `BPDU: sent 4120, received 0` மாதிரி வரும் வரியைப் பாருங்கள். `received` சுழியம் என்றால் அங்கே கார்ட் போட்டால் ஒன்றும் ஆகாது. சுழியம் இல்லையென்றால் அந்தச் சுவருக்குப் பின்னால் ஏதோ ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அல்லது எப்போதோ லூப் விழுந்திருக்கிறது. முதலில் நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு போடுங்கள். எட்ஜ் போட்டும் `Type` பத்தியில் `Edge` இல்லாத வாய்கள் இருந்தால் அவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

இரண்டு விதமாகப் போடலாம். ஸ்விட்ச் முழுக்கவும்:

```
spanning-tree portfast bpduguard default
```

இது எட்ஜாக இருக்கும் வாயில் மட்டும் வேலை செய்யும். புதிய ஐஓஎஸ்ஸில் `portfast edge bpduguard default` என்று கேட்கலாம். வசதிதான், ஆனால் யாராவது ஒரு வாயில் `portfast`-ஐ எடுத்தால் கார்டும் சத்தமில்லாமல் கூடவே போகும். எனக்குப் பிடித்தது வாயிலேயே நேராக எழுதுவது:

```
interface range Gi1/0/1-22
 spanning-tree portfast
 spanning-tree bpduguard enable
```

இது எட்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கும். அதனாலேயே கோருக்கு ஏறும் 23, 24 இதில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்தால் மேலிருந்து வரும் முதல் பிபிடியுவிலேயே உங்கள் ஸ்விட்ச் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ளும், நீங்கள் கன்சோல் கேபிளோடு படி ஏற வேண்டியதுதான்.

மறையூர் வெல்லம் · 3 ஜூன், இரவு 10.31

நியாயமாகவே கீழே ஒரு ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடம் என்றால் கார்ட் வேண்டாம், எட்ஜும் வேண்டாம். ரூட் கார்ட் போடுங்கள். கீழே இருப்பது ரூட் ஆகப் பார்த்தால் மட்டும் அடைக்கும், அடங்கியதும் தானே திறக்கும்.

எல்லைக்கல் · 4 ஜூன், மதியம் 3.20

விழுந்த வாயைத் தானாக எழுப்பும் `errdisable recovery cause bpduguard` பற்றி என்ன நினைக்கிறீர்கள்? ஞாயிறு பஸ்ஸுக்காகத்தான் கேட்கிறேன்.

கஞ்சிக்கோடு கேபிள் · 4 ஜூன், மாலை 4.05

நான் போடுவதில்லை. மாற்றாமல் விட்டால் 300 நொடி. காரணம் அங்கேயே இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாய் எழும், எட்ஜ் என்பதால் கணத்தில் திறக்கும், பிபிடியு வரும் வரை கொட்டும், மறுபடி விழும். லூப்பாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விக்கல். பயனாளர்களுக்கு அது புரியாத நோயாகத் தெரியும். செத்த போர்ட் என்றால் அவர்களே ஃபோன் செய்வார்கள்.

மறையூர் வெல்லம் · 4 ஜூன், மாலை 4.50

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. எஸ்டேட் ஆபீஸுக்கு ஜீப்பில் மலை ஏறித்தான் போக வேண்டும். ரெக்கவரி போட்டிருக்கிறேன், நேரத்தை மட்டும் 1800 ஆக்கியிருக்கிறேன். அரை மணிக்கு ஒரு விக்கல் பரவாயில்லை, ஒரு பயணம் மிச்சம். லாகை வேறு இடத்துக்கு அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அது நிபந்தனை.

கஞ்சிக்கோடு கேபிள் · 4 ஜூன், மாலை 5.15

லாகைப் பார்க்கும் ஆள் இருந்தால் சரி. நான் பார்த்த இடங்களில் அந்த ஆள்தான் இருப்பதில்லை.

எல்லைக்கல் · 6 ஜூன், காலை 11.30

கோரில் 4096 போட்டாயிற்று. எட்ஜ் வாய்களில் `received` எண்ணையும் பார்த்து முடித்தேன். இரண்டு வாய் மட்டும் சுழியம் இல்லை. ஒன்றில் ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. புரொஜெக்டர் மேஜைக்கு அடியில், தூசி படிந்த ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச், எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது. எடுத்துவிட்டுச் சுவரிலிருந்து நேர் கம்பி இழுத்தேன்.

இன்னொன்று Gi1/0/9. `received 3`. இரண்டு நாளாக 3 மட்டும்தான், ஏறவே இல்லை. சுவருக்குப் பின்னால் பிசி ஒன்று மட்டும் இருக்கிறது. அதில் கார்ட் போடலாமா, காத்திருக்கலாமா?

மறையூர் வெல்லம் · 6 ஜூன், மதியம் 12.10

போடுங்கள். யாராவது எப்போதாவது அந்த மேஜையில் எதையோ சொருகி எடுக்கிறார்கள். இப்போது அது வெறும் எண், கார்ட் போட்டால் லாகில் நேரத்தோடு வரும். அந்த நேரத்தில் அங்கே யாருக்கு லேப் வகுப்பு என்று அட்டவணையைப் பாருங்கள்.